கிரகப்பிரவேசம்: எல்லோருக்கும் ஒரே அழைப்பா, தனித்தனியா?

பத்திரிகையைப் படமெடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒரு வழி. சொந்தக்காரர்களுக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று என்று எழுதி அனுப்புவது இன்னொரு வழி. சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு, ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் விடியற்காலை 4.30 முதல் 6.00 என்று வைத்துக்கொள்வோம்.

பத்திரிகையில் முகூர்த்த நேரம்தான் இருக்கும். சொந்தக்காரர்களுக்கு அது போதும், பால் காய்ச்சும்போது இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அலுவலக நண்பரோ ஆறு மணிக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து வராமல் இருந்துவிடுவார். இல்லையென்றால் பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது வந்து நிற்பார். அதனால் எனக்குத் தனித்தனி அழைப்புதான் சரியாகப் படுகிறது.

சொந்தக்காரர்களுக்கு: "சனிக்கிழமை ராத்திரி கழிந்து, ஞாயிறு விடியற்காலை 4.30க்கு முகூர்த்தம். 4 மணிக்கே வந்துவிடுங்கள். 7 மணியிலிருந்து டிபன்." கிழமையை இப்படி விரித்துச் சொல்லாவிட்டால், ஞாயிறு ராத்திரி கிளம்பி திங்கள் விடிகாலை வருபவர் ஒருவராவது இருப்பார். நண்பர்களுக்கு: "பூஜை விடியற்காலையிலேயே நடக்கிறது. நீங்கள் 7க்கும் 9.30க்கும் நடுவில் வாருங்கள், டிபன் சாப்பிட்டுவிட்டு வீட்டைப் பார்க்கலாம்." டிபன் இரண்டிலும் இருக்கட்டும். ஒரு செய்தி இன்னொருவர் கைக்குப் போகத்தான் செய்யும், அப்போது யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது.

வழியும் பார்க்கிங்கும் மட்டும் இரண்டிலும் ஒரே வாசகமாக இருக்க வேண்டும். மேப் பின்னை மட்டும் அனுப்பினால், புது அடுக்ககத்துக்கு அது பல நேரம் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் விடும். மெயின் கேட்டில் நின்று லொகேஷனை எடுத்து, புது ஆள் ஒருவரை அதை வைத்தே வரச் சொல்லிப் பாருங்கள். கூடவே, "பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும், கோயிலைத் தாண்டி இடதுபக்கம் இரண்டாவது தெரு" என்று பெரியவர்களுக்காக எழுத்திலும் கொடுங்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகப் பாதை மாறுவது உண்டு. முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை போய்ப் பார்த்து, மாறியிருந்தால் அதையும் அனுப்பிவிடுங்கள்.

பார்க்கிங்குக்கு "இடம் உண்டு" என்று எழுதினால் பத்து கார் வரும். அசோசியேஷனிடம் கேட்டால் விசிட்டர்களுக்கு இரண்டு இடம் தருவார்கள் என்று வையுங்கள். அந்த இரண்டையும் வயதானவர்கள் வரும் வண்டிக்கு ஒதுக்கி, "மற்ற கார்கள் தெருமுனைக் காலி மனையில், பைக் மட்டும் கேட்டுக்குள்" என்று எழுதலாம். மனைக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டு கேட்டை மறித்து நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசியில் கொடுக்கும் போன் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டாம். நீங்கள் ஹோமத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். தெருமுனையில் நிற்கப்போகும் தம்பி அல்லது மச்சானின் நம்பரைப் போடுங்கள்.