அட்டைப்பெட்டி: ஒரே லோடா, ஐந்து தவணையா?

பெங்களூரில் முறுக்கு, மிக்சர் போடும் நம்மவர்கள் பீன்யா தொழிற்பேட்டையில் 5,000 அட்டைப்பெட்டிக்குத் திருத்திய கொட்டேஷன் கேட்கும்போது, “ரேட் கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்று மட்டும் எழுதினால் ஐம்பது பைசா குறையும், கூடவே காகிதத்தின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம்மும் சத்தமில்லாமல் குறையும். அளவு (உள்ளளவா வெளியளவா), ஐந்து பிளை, ஒவ்வொரு தாளின் ஜிஎஸ்எம், அது கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று காட்டும் பர்ஸ்டிங் ஃபேக்டர் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் இரண்டு விதமாக விலை கேளுங்கள். உதாரணத்துக்கு:

ஒரே லோடு: பெட்டி 18 ரூபாய், வண்டி 1,500. மொத்தம் 91,500.

மாதம் 1,000 வீதம் ஐந்து தவணை: பெட்டி 18.50, வண்டி தடவைக்கு 800. மொத்தம் 96,500.

ஜிஎஸ்டி தனி. கூடுதல் 5,000 ரூபாய்தான். ஆனால் மழைக்காலத்தில் குடோனில் கிடக்கும் அட்டை ஈரம் இழுத்து நமுத்துவிடும். அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். இடம் குறைவென்றால் நான் தவணையைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: “ஐந்து தவணைக்கும் இதே விலை, பிரிண்டிங் பிளாக் கட்டணம் ஒருமுறை மட்டும், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் டெலிவரி.” இந்த வரி இல்லாவிட்டால் மூன்றாம் தவணையில் “பேப்பர் விலை ஏறிடுச்சு சார்” என்று போன் வரும்.