பேக்கப் இருக்கிறது என்றார், நானும் நம்பிவிட்டேன்

தெரிந்த ஆள் ஒருவரிடம் வெப்சைட்டைக் கொடுத்துவிட்டு, வருடா வருடம் பராமரிப்புப் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றியவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிருஷ்ணகிரியில் சின்னதாக ஆபீஸ் வைத்திருக்கிறார், பேச்சு நன்றாக இருக்கும். அவ்வளவு போதும்.

2013-லிருந்து, இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்களைப் பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். ஞாயிறு ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு ஊத்தங்கரை, அரூர், ராயக்கோட்டை என்று கிளம்பிவிடுவேன். எங்கள் பக்கம் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பெரும்பாலும் ஒரு நடுகல்தான். கையில் வில்லோடு நிற்கும் வீரன், பக்கத்தில் வட்டெழுத்தில் நாலு வரி. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால்தான் எழுத்து தெரியும் என்பதால் ஒரே கல்லுக்கு இரண்டு மூன்று முறை போனதுண்டு. இப்படி 410 பதிவுகளும் சுமார் 3,800 படங்களும் சேர்ந்திருந்தன.

தளத்தை அமைத்துக் கொடுத்த ஏஜென்ட் வருடத்துக்கு 7,500 ரூபாய் வாங்கினார். ஹோஸ்டிங், அப்டேட், வாராவாரம் பேக்கப் எல்லாம் அதில் அடக்கம் என்றார். பத்து வருடம் நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2024 ஆடியில் ஒரு நண்பர் போன் செய்தார். "அண்ணே, உங்க சைட்ல ஜப்பான்காரன் செருப்பு விக்கிறான்." திறந்து பார்த்தேன், என் தளம் எப்போதும்போலத்தான் இருந்தது. கூகுளில் தேடினால் மட்டும் என் முகவரிக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் ஷூ, கைப்பை, கடிகாரம். ஏஜென்டிடம் சொன்னபோது, "அது கூகுள் பிரச்சனை சார், தானா சரியாயிடும்" என்றார். ஆகாது. தளத்துக்குள் புகுந்தவன் கூகுளுக்கு ஒரு பக்கத்தையும் நமக்கு வேறு பக்கத்தையும் காட்டுகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். உங்கள் தளத்தைச் சோதிக்க, உங்கள் முகவரியைப் போட்டு கூகுளில் இப்படித் தேடுங்கள்:

```
site:example.in
```

நீங்கள் எழுதாத பக்கம் ஒன்று வந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கியது. மால்வேர் இருக்கிற கோப்புகளின் பட்டியலோடு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கணக்கு ஏஜென்ட் பெயரில், மின்னஞ்சலும் அவருக்கு. அவர் அதைப் பார்த்ததே நான் போய் உட்கார்ந்த பிறகுதான். "பேக்கப் இருக்கு சார், பயப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள கிளீன் பண்ணிடறேன்" என்றார். சாயங்காலம் கிளீனாகத்தான் இருந்தது. கோப்புகள், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வேர்ட்பிரஸ் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் "Hello world!" என்று ஒரே ஒரு பதிவு.

சரி, பேக்கப் எங்கே? வாராவாரம் எடுத்தது உண்மைதான். பேக்கப் பிளகின் எடுத்த ஜிப் கோப்புகள் அதே சர்வரில் `wp-content` ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தன. வெளியில் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லாவிட்டால் அந்தப் பிளகின் அங்கேதான் வைக்கும். அவர் அந்த ஃபோல்டரையும் சேர்த்து அழித்திருந்தார். ஹோஸ்டிங்காரர்கள் வாரம் ஒரு பிரதி எடுத்து, பழையதன் மேலேயே எழுதுபவர்கள். நாங்கள் அவர்களைக் கேட்ட நேரத்தில் அவர்களிடம் இருந்ததும் அந்த "Hello world!"தான்.

கடைசியில் தன் லேப்டாப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தார். 2022-இல் வேர்ட்பிரஸின் Tools > Export வழியாக இறக்கிய எக்ஸ்எம்எல். அளவு 6 எம்பி. 3,800 படம் 6 எம்பிக்குள் எப்படி அடங்கும்? அந்தக் கோப்பில் எழுத்தும் கருத்துரைகளும் உண்டு, படங்கள் கிடையாது. படம் இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கும். புதிய தளத்தில் ஏற்றும்போது பழைய தளத்திலிருந்து படங்களை இழுத்துக்கொள்ளப் பார்க்கும். பழைய தளமே இல்லாதபோது எதை இழுப்பது? 310 பதிவுகள் எழுத்தாக வந்தன. படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம்.

என் தங்கை மகன் ஓசூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஹோஸ்டிங் நிறுவனத்தின் மின்னஞ்சலை வாங்கி வரிசையாகப் படித்தவன் அவன்தான். "மாமா, உங்க சைட்ல ஓட்டை இல்ல. பக்கத்து வீட்டுச் சுவரு வழியா வந்திருக்கான்" என்றான். ஏஜென்ட் காசு மிச்சம் பிடிக்க, தன் வாடிக்கையாளர் முப்பது பேரின் தளங்களையும் ஒரே சிபேனல் கணக்கில் வைத்திருக்கிறார். சர்வரைப் பொறுத்தவரை எல்லாக் கோப்புக்கும் ஒரே முதலாளி. ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஸ்லைடர் பிளகினைத் திருட்டுப் பிரதியாகப் போட்டிருக்கிறார். லைசென்ஸ் இல்லாததால் அதற்கு அப்டேட்டே வராது. பட்டியலில் இருந்த கோப்புகளின் தேதி வரிசை அந்தப் பிளகினில், மாசி மாதத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து என் ஃபோல்டருக்கு வந்து, `wp-config.php` கோப்பில் உள்ள டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எடுத்து, எனக்கே தெரியாமல் ஒரு அட்மின் பயனரை உருவாக்கியிருக்கிறான். என் பக்கம் எவ்வளவு அப்டேட் செய்திருந்தாலும் இது நின்றிருக்காது.

மாசியில் புகுந்தவன் ஐப்பசியில்தான் பிடிபட்டான். இடையில் எடுத்த ஒவ்வொரு பேக்கப்பிலும் அவனும் இருக்கிறான். எனவே கடைசி நாலு வாரப் பிரதி மட்டும் வைத்திருந்தால், திருப்பிப் போடும்போது அவனையும் சேர்த்துத்தான் திருப்பிப் போடுவோம். மருமகன் சொல்லித்தான் புரிந்தது: திரும்பக் கிடைக்காதவை இரண்டே இரண்டு, டேட்டாபேஸும் `uploads` ஃபோல்டரும். வேர்ட்பிரஸ், தீம், பிளகின் மூன்றையும் அவற்றின் சொந்த இடத்திலிருந்தே புதிதாக இறக்கிக்கொள்ளலாம். `uploads`-இல் படம்தான் இருக்க வேண்டும், பிஎச்பி கோப்புக்கு அங்கே வேலை இல்லை. சர்வரில் நேரடியாகக் கட்டளை தட்டும் எஸ்எஸ்எச் வசதி இருந்தால், வேர்ட்பிரஸ் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
find wp-content/uploads -name "*.php"
```

சில பிளகின்கள் காலியான, அல்லது `Silence is golden` என்ற குறிப்பு மட்டும் உள்ள `index.php` ஒன்றை வைப்பதுண்டு. உள்ளே வேறு ஏதாவது எழுதியிருக்கிற எதுவும் சந்தேகத்துக்குரியது. டேட்டாபேஸில் பயனர் பட்டியலைப் பார்த்து, தெரியாத அட்மினை நீக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

இப்போது ஹோஸ்டிங் கணக்கும் டொமைனும் என் பெயரில், என் மின்னஞ்சலில். டொமைனை விடுவிக்க ஏஜென்ட் 5,000 ரூபாய் கேட்டார், கொடுத்துத்தான் வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.

பேக்கப்புக்கு அப்டிராஃப்ட் பிளஸ் பிளகினின் இலவசப் பதிப்பு. டேட்டாபேஸ் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை, இரண்டும் கூகுள் டிரைவுக்கு. டேட்டாபேஸ் 20 எம்பிதான், முப்பது பிரதி வைத்தாலும் உறைக்காது. கோப்புகள் 4 ஜிபி, டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலும் ஜிமெயில் பங்கு கேட்கும். அதனால் கோப்புகளுக்கு இரண்டு பிரதி. இதோடு விட்டிருப்பேன். மருமகன் விடவில்லை. டிரைவுக்கு அனுப்பும் சாவி தளத்துக்குள்ளேதானே இருக்கிறது, அட்மினாக நுழைந்தவன் அதே பிளகினைக் கொண்டு அந்தப் பிரதிகளையும் அழிக்கலாமே என்றான். அதனால் மாதம் முதல் ஞாயிறு ஒரு பிரதியை இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டு, கேபிளைக் கழற்றி பீரோவில் வைக்கிறேன். பன்னிரண்டு மாதப் பிரதிகள் அதில் இருக்கும்.

முதல் பிரதியைப் பழைய லேப்டாப்பில் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். நல்ல வேளை பார்த்தோம். டேட்டாபேஸை மட்டும் நான் கையால் எடுத்திருந்தேன், தமிழ் முழுவதும் `à®¨à®Ÿà¯` என்று வந்தது. எழுத்துமுறையைத் தவறாகப் படித்ததன் விளைவு அது, திருத்திவிடலாம். அதே இடத்தில் `?????` என்று இருந்தால் எழுத்து எடுக்கும்போதே போய்விட்டது, அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது கண்ணிலேயே படாது, நமக்குத்தான் தலைவலி. கையால் எடுப்பதானால்:

```
mysqldump --default-character-set=utf8mb4 -u user -p dbname > blog.sql
```

எடுத்த கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லாகின் விஷயத்தில் வெட்கக்கேடு எனக்கும் உண்டு. பயனர் பெயர் admin, பாஸ்வேர்ட் ஏஜென்ட் வைத்தது. முப்பது பேருக்கும் ஒன்றேதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது எழுதுவதற்கு எடிட்டர் கணக்கு. அட்மின் கணக்கை அப்டேட்டுக்கு மட்டும் திறப்பேன். இரண்டுக்கும் செல்போன் செயலியில் வரும் ஆறு இலக்க எண் வேண்டும். போன் தொலைந்தால் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறேன். தளத்தைவிட முக்கியமாக ஜிமெயிலுக்கும் ஹோஸ்டிங் கணக்குக்கும் அதே பூட்டு. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதியது போய்ச் சேரும் இடம் ஜிமெயில்தானே.

பிளகின்கள் இருபத்து மூன்று இருந்தன, இப்போது ஏழு. நிறுத்தி வைத்தவற்றையும் நீக்கிவிட்டேன், கோப்பு சர்வரில் கிடக்கும் வரை ஓட்டையும் கிடக்கும். மிச்சத்துக்குத் தானியங்கி அப்டேட் போட்டாயிற்று. ஒருமுறை அப்டேட்டில் முகப்புப் பக்கம் கோணிக்கொண்டது, முந்தின வாரக் கோப்புப் பிரதியைப் போட்டுப் பத்து நிமிடத்தில் சரிசெய்தேன்.

படங்களில் பாதி என் பழைய ஹார்ட் டிஸ்கிலும் பழைய போனிலும் கிடைத்தன. கொஞ்சம் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சின்ன அளவில் இருந்தன, எழுத்து படிக்க முடியாத அளவு சின்னது. ஊத்தங்கரைப் பக்கம் ஏரிக்கரையில் 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாடுகளை மீட்டு உயிர்விட்டான் என்று படித்த கல்லை மறுபடி எடுக்கத் தையில் போனேன். கரையை உயர்த்தியிருந்தார்கள், கல்லைக் காணோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "மண்ணு கொட்டும்போது உள்ள போயிருச்சுப்பா" என்றார்.

மண்டபக்காரருக்கு நானே போன் போட்டு விவரம் சொன்னேன். அவர் ஏஜென்டைக் கேட்டாராம். "பேக்கப் இருக்கு சார், பயப்படாதீங்க" என்றாராம்.