முறைப்பாடு எழுதக் காசு வாங்குபவர்கள்: இரண்டு வருட அனுபவம்

கல்முனையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "மச்சான், புது பிரிட்ஜ் குளிருதில்ல, கடைக்காரன் இழுத்தடிக்கிறான். கேஸ் போட்டுத் தாறன் எண்டு ஒருத்தன் 4,000 ரூபா கேக்கிறான். குடுக்கவா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பில் என் அக்கா இதே ஆளைப் போன்ற ஒருவரிடம் போய்ப் பட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அக்கா ஜனவரியில் வாங்கிய வோஷிங் மெஷின் பெப்ரவரி கடைசியில் நின்றுவிட்டது. கடையில் "கம்பனிக்கு அனுப்பியிருக்கு" என்ற ஒரே பதில். போனில் தேடியபோது மேலே வந்தது விளம்பரம். அதில் இருந்த இலக்கத்துக்கு எடுத்து 3,500 ரூபா கொடுத்தார். அந்த ஆள் செய்தது, ஒரு பக்கக் கடிதம் தட்டச்சு செய்து பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தபாலில் போட்டது. அவ்வளவுதான். அதை அக்காவே இலவசமாகச் செய்திருக்கலாம். முறைப்பாட்டுக்கு அதிகாரசபை கட்டணம் கேட்பதில்லை.

நியாயமாகச் சொன்னால், கடிதம் சுத்தமாக இருந்தது. பிழையில்லாத தமிழ், மரியாதையான ஆள். ஆனால் பிரதியை வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தலை சூடானது. தொடர்பு இலக்கம் என்ற இடத்தில் அவருடைய கைபேசி இலக்கம். விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு அவருக்குத்தான் போகும். அதை அக்காவிடம் சொல்ல இன்னொரு 2,000 கேட்டார். அவர்களுடைய பிழைப்பே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. யாரை வைத்து எழுதினாலும், கையெழுத்துப் போடும் முன் அந்த இலக்கம் யாருடையது என்று பாருங்கள்.

இன்னொரு குறை, கடையைத் திட்டி "கடும் நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருந்தார். அக்காவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரித்த பிறகு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அந்த மூன்றில் எது வேண்டும் என்பதை நாம்தான் தெளிவாகக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட நாள் முக்கியம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கடைக்காரன் ஒரு மாதம், இடைத்தரகர் ஒரு மாதம் என்று இழுத்தால் மிச்சம் என்ன? அக்காவுக்கு இரண்டு கிழமைதான் மிச்சம் இருந்தது. நேரே கச்சேரிக்குப் போய், அங்குள்ள அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எழுதிக் கொடுத்தோம்: பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கடையின் பெயர் விலாசம், வாங்கிய திகதி, விலை, பழுது, "புது மெஷின் மாற்றித் தர வேண்டும்" என்ற கோரிக்கை. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இரண்டினதும் போட்டோகொப்பியை இணைத்தோம். அசல் எங்கள் கையில். தமிழிலேயே பேசித் தமிழிலேயே முடிந்தது. விசாரணைக்கு அழைப்பு வந்தது, கடைக்காரர் அங்கேயே மாற்றித் தர ஒப்புக்கொண்டார்.

சரி, தேடும்போது எப்படிப் பிரித்தறிவது? முகவரியில் தொடக்கத்து https:// ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். caa.gov.lk என்பது .gov.lk என்று முடிகிறது. அந்த முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டும். வெறும் .lk என்றால் யாரும் காசு கட்டி வாங்கலாம். நடுவில் gov என்று இருந்து .com என்று முடிந்தால் அது அரச தளம் இல்லை. தேடவே வேண்டாம் என்றால் 1977க்கு எடுங்கள், அது அதிகாரசபையின் இலக்கம். எந்த அலுவலகம் என்றே தெரியாவிட்டால் 1919, அரச தகவல் நிலையம்.

தாபரிப்பு, காணி மாதிரி நீதிமன்றம் போகிற விசயம் என்றால் அது வேறு இடம்: சட்ட உதவி ஆணைக்குழு, legalaid.gov.lk. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் சட்டத்தரணி கிடைக்கும், அதை அவர்களே விசாரித்துத் தீர்மானிப்பார்கள். ஆகவே "உள்ளே எடுத்துத் தாறன்" என்று காசு கேட்பவரிடம் விற்க ஒன்றுமே இல்லை.

எழுதத் தெரியாத ஒரு அம்மாவுக்குக் கடிதம் தட்டச்சு செய்துகொடுக்க 200, 300 ரூபா கேட்டால் அது கூலி, குறை சொல்ல மாட்டேன். அக்காவின் ஆளும் நல்லாய்த்தான் தட்டச்சு செய்வார். ஆனாலும் அவர் கடைக்கு நான் ஒரு போட்டோகொப்பிக்குக்கூடப் போக மாட்டேன், யாரையும் அனுப்பவும் மாட்டேன். நண்பனின் பிரிட்ஜுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. திங்கட்கிழமை அம்பாறைக் கச்சேரிக்குப் போகிறான், பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துவிட்டான்.