12 வோல்ட் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு ஒரு செல்லா, தொடரில் இரண்டா?

பூஸ்ட் கன்வெர்ட்டர் என்பது குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்று. அதன் சுவிட்ச் மூடியிருக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் முழுவதும் இண்டக்டர் மீது விழுந்து, மின்னோட்டம் ஏறி, காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. சுவிட்ச் திறந்ததும் இண்டக்டர் அந்த மின்னோட்டத்தைத் தொடர முயல்வதால் அதன் முனைகளில் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பேட்டரியோடு கூடி, டையோடு வழியாக வெளியீட்டு மின்தேக்கியை நிரப்புகிறது. ஆனால் ஆற்றல் கூடுவதில்லை. வெளியீட்டில் மின்னழுத்தம் ஏறுவதால், உள்ளே வரும் மின்னோட்டம் வெளியே போவதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

வெளியீடு 12 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 6 வாட் என்போம். செயல்திறன் 90% என்றால் உள்ளீடு 6.67 வாட்.

ஒரு லித்தியம் செல் (3.7 வோல்ட்): 1.8 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் சுமார் 69% நேரம் மூடியிருக்க வேண்டும். செல் 3 வோல்ட்டுக்கு இறங்கினால் 2.2 ஆம்பியர், மின்னழுத்தம் சரியச் சரிய இழுப்பு கூடும் என்பதே இதன் வில்லங்கம். இண்டக்டர் செறிவு மின்னோட்டம் 2 ஆம்பியர்தான் என்றால் அது செறிவடையும்: சுவிட்ச் சூடாகி, வெளியீடு சரியும். 3 ஆம்பியர் தாங்குவதைப் போடுங்கள்.

தொடரில் இரண்டு (7.4 வோல்ட்): 0.9 ஆம்பியர், 38%. மெல்லிய வயரே போதும். அதே வயரையே வைத்தால் அதில் வெப்ப இழப்பு கால்பங்காகும். ஆனால் சார்ஜ் செய்யும்போது இரு செல்களையும் சமப்படுத்தும் சுற்று தேவை. இந்தச் சுமைக்கு இதுவே என் தேர்வு.