லாக் கோப்பும் கால்க்கும்: நாலு வருஷமாகத் தேதியோடு ஒரு சண்டை

போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, சர்வர் லாக்கை எக்செல் மாதிரி ஆக்கி நேரப்படி அடுக்குவீங்களே, அது நல்லா வருமா? நானும் ஆரம்பிக்கலாமா?" ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாரிமுனையில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையின் வெப்சைட்டை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். அப்பாச்சி சர்வர், வாடகை ஹோஸ்டிங். பிரச்சனை என்று போன் வந்தால் லாக் கோப்பை இறக்கி, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறப்பேன். கோப்பின் பெயரை .csv என்று மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அது ரைட்டரில் போய்த் திறந்து நிற்கும். பிரிப்பான் இடைவெளி, மேற்கோள் குறி இரட்டை என்று கொடுத்தால் ஐபி, ரிக்வெஸ்ட், ஸ்டேட்டஸ் எல்லாம் தனித்தனிப் பத்தியில் அழகாக உட்கார்ந்துவிடும். இதுவரை குறையே இல்லை.

குறை எல்லாம் தேதியில். கோப்பில் அது இப்படி இருக்கும்:

```
[14/Mar/2024:09:58:12 +0530]
```

முன்னால் ஒரு சதுர அடைப்புக்குறி, தேதிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி. இந்த இரண்டாலும் கால்க்கும் சரி, எக்செல்லும் சரி, இதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு, அடுக்கச் சொன்னால் சமர்த்தாக அடுக்கியும் தரும். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஏப்ரல் 1 மேலே போய் உட்காரும், மார்ச் 31 அடியில் கிடக்கும். ஒரே நாளின் லாக் என்றால் அடுக்கு சரியாகவே இருக்கும், அதனால் தப்பு கண்ணில் படாது. முதல் வருஷம் இரண்டு மாத லாக்கை ஒன்றாகப் போட்டபோதுதான் தெரிந்தது. அடையாளம் ஒன்று உண்டு: எழுத்தாக இருந்தால் கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டும், உண்மையான தேதி என்றால் வலப்பக்கம் ஒட்டும்.

இப்போது நான் செய்வது இது. மேலே தலைப்புக்கு ஒரு வரி சேர்த்து, முதல் பத்தியாக A-யில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிடுவேன். தேதி அப்போது E-க்கு வரும், மற்றவை K வரை போகும். L-இல் இந்த ஃபார்முலா:

```
=DATE(MID(E2,9,4),(SEARCH(MID(E2,5,3),"JanFebMarAprMayJunJulAugSepOctNovDec")+2)/3,MID(E2,2,2))+TIMEVALUE(MID(E2,14,8))
```

மாதத்துக்கு இவ்வளவு சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. DATEVALUE கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பைப் பார்த்து நடக்கும். என் லேப்டாப்பில் ஒன்று, ஆபீசில் வேறொன்று. இந்த ஃபார்முலா எங்கே போனாலும் ஒரே விடை தரும். பக்கத்துப் பத்தியில் +0000 என்று இருந்தால் சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது, கடைசியில் TIME(5,30,0) கூட்டிக்கொள்ள வேண்டும். காலை பத்து மணி புகாரை 04:30-இல் தேட மறந்து அரை நாள் வீணாக்கியவன் நான்.

சரி, திட்டியது போதும். வரிசை எண் போட்டதில் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. அதற்காகத்தான் இன்னும் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை பத்தரைக்குக் கடையிலிருந்து போன்: "பத்து மணிக்கு சைட் அப்படியே நின்னு போச்சுங்க." லாக்கை நேரப்படி அடுக்கினேன். 09:58 வரிகளுக்கு நடுவே ஒரு வரியின் எண் மட்டும் பல நூறு தள்ளி இருந்தது. முன்னும் பின்னும் ஒன்றிரண்டு எண்தான் வித்தியாசம், இது மட்டும் எங்கேயோ. கோப்பில் அதன் பழைய இடத்தைப் பார்த்தால், பக்கத்து வரிகள் எல்லாம் 10:03:40.

காரணம் இதுதான். அப்பாச்சி எழுதும் நேரம் ரிக்வெஸ்ட் வந்து சேர்ந்த நேரம், ஆனால் வரியை எழுதுவது வேலை முடிந்த பிறகு. 09:58:12-க்கு வந்த ரிக்வெஸ்ட் 10:03:40 வரிகளுக்கு நடுவே கிடந்தால், அது குறைந்தது 328 நொடி ஓடியிருக்கிறது. யாரோ மொத்த ஸ்டாக்கையும் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்ற தகவலே லாக்கில் இல்லை. இருந்தும், வரி கிடந்த இடமே காட்டிக்கொடுத்துவிட்டது.

இதையும் பத்தியாக ஆக்கிவிட்டேன். M2-இல் =L2, M3 முதல் கீழே வரை இதுவரை பார்த்த அதிகபட்ச நேரம், N-இல் அதற்கும் இந்த வரிக்கும் உள்ள வித்தியாசம் நொடிகளில்:

```
M3: =MAX(M2,L3)
N2: =ROUND((M2-L2)*86400,0)
```

முதலில் MAX(L$2:L3) என்று எழுதி ஒரு லட்சம் வரிக்கு இழுத்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தும் லேப்டாப் அசையவில்லை. ஒவ்வொரு வரியும் மேலே உள்ள அத்தனையையும் திரும்பப் படிக்கிறதே! மேல் கட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னதும் உடனே முடிந்தது.

இன்னொரு அடியும் வாங்கியிருக்கிறேன். அடுக்குவதற்கு முன் L, M, N மூன்றையும் காப்பி செய்து வெறும் மதிப்பாக ஒட்டிவிட வேண்டும். அப்படியே அடுக்கினால் M-இன் ஃபார்முலா புதிய மேல் வரியைப் பார்க்க ஆரம்பித்து, எண்கள் எல்லாம் மாறிவிடும். இதற்கும் எந்த எச்சரிக்கையும் வராது. போன மாதம் இப்படி மாறிய எண்ணை நம்பி, ஒரு பாவமும் அறியாத பக்கத்தின் மேல் பழி போட்டுக் கடைக்காரருக்கு மெயிலும் அனுப்பிவிட்டேன். பிறகு மன்னிப்பு மெயில்.

ஸ்டேட்டஸ் பத்தியில் ஃபில்டர் போட்டு, மூன்று இலக்க எண்ணைத் தவிர வேறு ஏதாவது வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரிக்வெஸ்டுக்குள்ளேயே மேற்கோள் குறி இருந்தால் அப்பாச்சி அதை \" என்று எழுதும். கால்க்குக்கு அது புரியாது, அந்த வரியின் பத்திகள் நகர்ந்துவிடும். அப்புறம், 10,48,576 வரிக்கு மேல் ஷீட் தாங்காது, பெரிய கோப்பை வெட்டித்தான் திறக்க வேண்டும்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். N பத்தியை மட்டும் பார்த்தால் ஐந்தே தரலாம், ஆனால் அந்த மன்னிப்பு மெயிலை இன்னும் மறக்கவில்லை. தம்பியிடம் "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு, என் ஷீட்டையே அனுப்பியும் வைத்தேன்.

நேற்று இரவு கூப்பிட்டான். "அண்ணா, N பத்தி முழுக்கப் பூஜ்ஜியமா வருது. எங்க சர்வர் அவ்வளவு வேகமா?"

"என்ன சர்வர்டா?"

"என்ஜின்எக்ஸ்ணா."

தலையில் அடித்துக்கொண்டேன். என்ஜின்எக்ஸ் போடும் நேரம் வேலை முடிந்து வரியை எழுதும் நேரம். எத்தனை நிமிஷம் ஓடிய ரிக்வெஸ்டும் அங்கே வரிசையில் ஒழுங்காகத்தான் நிற்கும். அவன் log_format-இல் $request_time சேர்த்தால்தான் உண்டு. இத்தனைக்கும் அவர்களுடையது சொந்த சர்வர், ஒரு வரி மாற்றினால் போதும். என் ஹோஸ்டிங்கில் அப்பாச்சிக்கான %D-யைச் சேர்க்கச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்கிறேன், டிக்கெட் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.