டிகிரி காட்டும் கெட்டில்: மூன்று வருடம் கழித்து

டிகிரி செட் பண்ணும் கெட்டில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று மண்டபம் ஊரிலிருந்து மாப்பிள்ளை கேட்டான். என்னுடையது போன வாரம்தான் ரிப்பேர் முடிந்து வந்தது. அதனால் இதில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும்.

பாம்பன் உப்புக் காற்றில் அடித்தட்டின் மின்பின்னில் பச்சை பூத்ததைக்கூட மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது திரையில் வரும் அந்த எண். இரண்டு மாதமாக ஏற்காடு லைட் ரோஸ்ட் காபி புளித்தது. பழத்தின் புளிப்பு இல்லை, நாக்கோரத்தை இழுக்கும் காய்ப் புளிப்பு. பின்னாலேயே வெறும் தண்ணீர் ருசி. கொட்டையைத் திட்டினேன், இன்னும் நைசாக அரைத்துப் பார்த்தேன். கடைசியில் தெர்மாமீட்டரை விட்டால், திரையில் 96, தண்ணீரில் 88. எங்கள் தண்ணீரின் உப்பு அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. சென்சார் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. படிவம் சூட்டை மேலே விடாததால் தகடு சீக்கிரம் சூடேறி, தண்ணீரும் சூடாகிவிட்டதாக நினைத்து கெட்டில் நிறுத்திக்கொள்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவினேன். எண் சரியானது.

இதில் கடுப்பு என்னவென்றால், லைட் ரோஸ்ட்டுக்கு அந்த எண்ணே தேவையில்லை. லேசாக வறுத்த கொட்டை இறுக்கமானது, சுலபத்தில் ருசியை விட்டுக்கொடுக்காது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றலாம். காபி வடிக்கும் டிரிப்பரும் தூளும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் தூள் 100 டிகிரியில் வேகப்போவதில்லை. சிக்கரி கலந்த தூளில் டிகாஷன் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். மிச்சக் கசப்பைப் பாலும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும்.

டார்க் ரோஸ்ட்டைக் கறுப்பாகக் குடிப்பவனுக்குத்தான் டிகிரி வேண்டும். நன்றாக வறுபட்ட கொட்டை உள்ளே பொரபொரவென்று இருக்கும், கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும். 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர், அரைப்பும் ஒன்றுதான். கொதிநீர் ஊற்றினால் தொண்டையில் கரி ஒட்டியது. 88-ல் ஊற்றினால் கருப்பட்டி வாசனை, கசப்பு இருந்தும் உறுத்தவில்லை. அந்த முதல் டம்ளருக்காகவே இந்தக் கெட்டிலைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அம்மா அதைப் பார்த்துவிட்டு, சாதாரணக் கெட்டிலில் கொதித்ததைச் சொம்பில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு சொம்புக்கு ஆற்றிக் கொடுத்தார். தெர்மாமீட்டர் வைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்தாறு டிகிரி இறங்கி, இரண்டாவதில் 89. சொம்புக்கு மின்பின்னும் கிடையாது, சென்சாரும் கிடையாது.

சரி, மாப்பிள்ளையிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதைப் பாதி விலைக்குத் தா என்றான். தரமாட்டேன்.