சிவப்பு-கருப்பு மரம்: பழைய வடிவமா, இடப்பக்கம் சாயும் வடிவமா?

காட்பாடியில் வேலைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் சொல்லித் தருகிறேன். நோடுகளுக்குச் சிவப்பு, கருப்பு என்று நிறம் கொடுத்து, உயரம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பைனரி தேடல் மரம்தான் சிவப்பு-கருப்பு மரம். அது வந்தாலே பலரும் மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள். பழைய வடிவத்தில் ஒரு சாவியைச் சேர்த்தபின், பெற்றோரின் உடன்பிறப்பான "மாமா" நோட் சிவப்பா கருப்பா, புதியது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்க்க வேண்டும். அதையெல்லாம் இடது, வலது என்று இரண்டு முறை எழுத வேண்டும்.

1978இல் லியோ கீபாஸுடன் சேர்ந்து அந்த மரத்தை முன்வைத்த ராபர்ட் செட்ஜ்விக், 2008இல் ஒரு நிபந்தனையைக் கூட்டினார்: சிவப்பு நோட் எப்போதும் இடது பிள்ளையாகவே இருக்க வேண்டும். இதுதான் இடப்பக்கம் சாயும் வடிவம். அதனால் பார்க்க வேண்டிய வகைகள் சுருங்கிவிடுகின்றன. வழக்கமான பைனரி சேர்ப்பை எழுதி, ரிகர்ஷன் திரும்பும் இடத்தில் மூன்று வரி போட்டால் போதும்:

```java
if (isRed(h.right) && !isRed(h.left)) h = rotateLeft(h);
if (isRed(h.left) && isRed(h.left.left)) h = rotateRight(h);
if (isRed(h.left) && isRed(h.right)) flipColors(h);
return h;
```

புது நோட் சிவப்பாகப் பிறக்கும். கடைசியில் வேரை மட்டும் கருப்பாக்கிவிட வேண்டும். `isRed` காலி நோடுக்குப் பொய் என்றே சொல்ல வேண்டும்.

நம்ம வட ஆற்காட்டு ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக, அகர வரிசையில் ஒப்பிட்டுச் சேர்த்துப் பார்க்கலாம். முதலில் காட்பாடி: கருப்பு வேர். அடுத்து ஆம்பூர்: அதன் இடப்பக்கம் சிவப்பு. மூன்றாவது ஆற்காடு. அது ஆம்பூருக்கு வலப்பக்கம் போய் உட்காரும், பழைய வடிவத்தில் எல்லோரையும் குழப்பும் வளைவு இதுதான். இங்கே ஆம்பூரில் முதல் வரி வேலை செய்து இடப்பக்கம் சுழற்றும். ஆற்காடு மேலே, ஆம்பூர் அதற்கு இடப்பக்கம். ஒரு படி மேலே காட்பாடிக்கு வந்தால் இடப்பக்கம் வரிசையாக இரண்டு சிவப்பு. இரண்டாம் வரி வலப்பக்கம் சுழற்ற, ஆற்காடு உச்சிக்குப் போகும். இப்போது இரு பிள்ளைகளும் சிவப்பு, மூன்றாம் வரி நிறத்தை மாற்றும். அந்த வளைவுக்கென்று தனியாக எந்த வரியும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நோடில் நடந்த மாற்றமே மேல் நோடில் அடுத்த வரியைத் தூண்டுகிறது.

பழைய வடிவமும் இதே இடத்தில் இரண்டு சுழற்சி செய்துதான் ஆற்காட்டை மேலே கொண்டுவரும். வித்தியாசம் அடுத்த சேர்ப்புகளில் தெரியும். குடியாத்தம் வரும்போது பழைய மரம் நிறத்தை மட்டும் மாற்றும். புதியதில் அது காட்பாடிக்கு வலப்பக்கம் சிவப்பாக வருவதால் ஒரு சுழற்சி. பிறகு வாணியம்பாடி: பழையதில் ஒரு சுழற்சியோடு முடிந்தது. புதியதில் குடியாத்தத்தின் இரு பிள்ளைகளும் சிவப்பாகி நிறம் மாறும், அந்தச் சிவப்பு மேலே ஏறி ஆற்காட்டின் வலப்பக்கம் நிற்கும், அங்கே ஒரு சுழற்சி. குடியாத்தம் வேராகிவிடும்.

இதுதான் எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை. பழைய வடிவத்தில் ஒரு சேர்ப்புக்கு அதிகபட்சம் இரண்டு சுழற்சிதான். நிறமாற்றம் வேண்டுமானால் வேர்வரை போகலாம். சாயும் வடிவத்தில் சுழற்சியே வேர்வரை ஏறக்கூடும். ஆனால் உயரத்தின் உச்ச வரம்பு இரண்டிலும் ஏறக்குறைய 2 log₂ n தான். ஆகவே தேடும் வேகத்துக்காக இதையா அதையா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகளின் கோடில் நான் முதலில் தேடுவது முதல் வரியில் இருக்கும் `!isRed(h.left)`. அதை விட்டுவிட்டால் இரு பிள்ளைகளும் சிவப்பான நோடில் வீணாக இடப்பக்கம் சுழலும், உடனே இரண்டாம் வரி அதைத் திருப்பிச் சுழற்றும், பிறகுதான் நிறம் மாறும். மரம் சரியாகவே வரும், டெஸ்ட் எல்லாம் பாஸாகும். சுழற்சிகளை ஒரு கவுண்டரில் எண்ணினால்தான் பிழை வெளியே வரும். `h =` என்பதை மறப்பது இன்னொன்று. அதில் மேல் நோட் பழைய நோடையே பிடித்துக்கொண்டு நிற்கும், சில சாவிகள் தேடினால் கிடைக்காது.

"சார், நீக்குறதுக்கும் இதே மூணு வரிதானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். திரும்பி வரும்போது அதே மூன்று வரிதான், ஆனால் இறங்கும்போது பாடு அதிகம். கீழே போகும் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சிவப்பு இருக்கும்படி பக்கத்து நோடிலிருந்து கடன் வாங்கிக்கொண்டே போக வேண்டும். சாவி மரத்தில் இல்லாவிட்டாலும் அந்த மாற்றங்கள் நடந்துவிடும் என்பதால், செட்ஜ்விக்கின் பாணியில் எழுதுபவர்கள் முதலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நீக்குவார்கள். பழைய வடிவத்தில் நீக்கலுக்கு அதிகபட்சம் மூன்று சுழற்சி போதும். லினக்ஸ் கெர்னலும் ஜாவாவின் `TreeMap`உம் பழைய வடிவத்திலேயே இருக்கின்றன.

நீக்கலே இல்லாத அகராதி, ஒருமுறை ஏற்றிப் பலமுறை தேடும் ஊர்ப்பட்டியல் இவற்றுக்கு நான் தயங்காமல் சாயும் மரத்தையே எழுதுவேன். நீக்கல் அடிக்கடி நடக்கும் இடத்தில், மொழியோடு வரும் லைப்ரரியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.